பிசையாதீர்கள் என்றார், தேவையில்லை என்று வந்தது

2025 ஜூலையில் நடிகை பி. சரோஜாதேவி பெங்களூருவில் காலமானார். மறுநாள் அவருடைய உடலுக்குக் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா அஞ்சலி செலுத்தினார். அந்தச் செய்தியை முதலமைச்சர் அலுவலகம் ஃபேஸ்புக்கில் கன்னடத்தில் போட்டது. கன்னடம் தெரியாதவர்களுக்காக ஃபேஸ்புக் தானாகவே அதை ஆங்கிலத்தில் பெயர்த்துக் காட்டியது. அந்த ஆங்கிலத்தைப் படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். முதலமைச்சர் சித்தராமையா நேற்று காலமானார் என்றுதான் அந்த வாக்கியமே தொடங்கியது. கன்னட மொழிபெயர்ப்பைச் சரிசெய்யும்வரை அந்த வசதியை நிறுத்தி வையுங்கள் என்று முதலமைச்சர் தரப்பிலிருந்து மெட்டா நிறுவனத்துக்குக் கடிதம் போனது. பிழையைத் திருத்திவிட்டதாகச் சொல்லி மெட்டா மன்னிப்புக் கேட்டது.

செய்தியாகப் படித்தபோது பலரும் சிரித்துவிட்டுக் கடந்துபோனார்கள். ஆனால் இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழ் தெரிந்தவர்கள் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம். கன்னட வாக்கியத்தின் அடுக்கும் தமிழ் வாக்கியத்தின் அடுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதே செய்தியை நாம் எழுதினால், ‘முதலமைச்சர் சித்தராமையா நேற்று மறைந்த நடிகை சரோஜாதேவியின் உடலுக்கு அஞ்சலி செலுத்தினார்’ என்று எழுதுவோம். முதலமைச்சரின் பெயருக்குப் பக்கத்திலேயே ‘நேற்று மறைந்த’ வந்து நிற்கிறது. நமக்குக் குழப்பமே இல்லை. ‘மறைந்த’ என்பது பெயரெச்சம், அடுத்து வரும் பெயரைத்தான் பிடிக்கும், முந்தைய பெயரைப் பிடிக்காது என்று பேசப் பழகும்போதே தெரிந்துகொண்டுவிட்டோம். ஆங்கிலத்தில் இது தலைகீழ். நடிகையின் பெயரைச் சொல்லிவிட்டு, அதற்குப் பின்னால்தான் அவர் நேற்று மறைந்தவர் என்ற விவரத்தைச் சேர்க்க வேண்டும். அதாவது வாக்கியத்தின் நடுவிலிருக்கும் ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்து இன்னொரு பெயருக்குப் பின்னே கொண்டுபோய் வைக்க வேண்டும். வெளிவந்த ஆங்கிலத்தைப் பார்த்தால், எந்திரம் அந்த இடமாற்றத்தைச் செய்யாமல் சொற்களை வந்த வரிசையிலேயே இறக்கிவிட்டது தெரிகிறது. ‘சித்தராமையா’, ‘நேற்று’, ‘மறைந்த’ என்று மூன்றும் ஒட்டிக்கொண்டன.

கவனியுங்கள், அது ஒரு அலுவலகம் எழுத்துப்பிழையில்லாமல் தட்டச்சு செய்து போட்ட பதிவு. அதிலேயே இவ்வளவு நடந்தது. வீடியோவில் பேசப்படும் பேச்சில் அப்படி ஒரு எழுத்துப் பிரதியே கிடையாது. முதலில் எந்திரம் காதால் கேட்டு அதை எழுத்தாக்க வேண்டும். பிறகு அந்த எழுத்தை மொழிபெயர்க்க வேண்டும். பிறகு மொழிபெயர்த்ததைத் திரையில் சரியான நொடியில் காட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டம் கொடுத்ததை அப்படியே நம்பி எடுத்துக்கொள்கிறது. நாம் கடைசியில் படிக்கும் தமிழ் வரி பல்லை இளிக்கும்போது மொழிபெயர்ப்பைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது.

யூடியூப் வழி இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பேச்சைக் கேட்டுத் தானாகச் சப்டைட்டில் எழுதும் வசதியை 2009 நவம்பரில் ஆங்கிலத்துக்கு மட்டும் அவர்கள் தொடங்கினார்கள். அதற்காக உழைத்த கூகுள் பொறியாளர்களில் ஒருவரான கென் ஹாரன்ஸ்டீன் காது கேளாதவர். மற்ற மொழிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுதும் வசதி ஆங்கிலத்துக்குப் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. ஆனால் ஆங்கில வீடியோவின் சப்டைட்டிலைத் தமிழில் பார்ப்பது அதற்கு வெகுமுன்பே முடிந்திருக்கிறது. வீடியோவின் பல்சக்கரப் பொத்தானை அழுத்தி, சப்டைட்டில் பட்டியலில் ‘தானியங்கு மொழிபெயர்ப்பு’ என்பதைத் தொட்டு, தமிழைத் தேர்ந்தெடுத்தால் போதும். அப்போது உங்கள் போன் யூடியூப்பின் கணினிக்கு ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது. அதன் முகவரியில் இந்த மூன்று துண்டுகள் இருக்கும்:

```
kind=asr&lang=en&tlang=ta
```

எந்திரம் கேட்டு எழுதியது, மூலமொழி ஆங்கிலம், எனக்கு வேண்டிய மொழி தமிழ் என்பதுதான் இதன் பொருள். மொழிபெயர்ப்பு அந்த வேண்டுகோளுக்காகச் செய்து தரப்படுகிறது. வீடியோவைப் போட்டவர் அந்தத் தமிழ் வரிகளை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். அவருடைய கணக்கில் அப்படி ஒரு தமிழ்க் கோப்பே இல்லை. புகார் சொல்லலாம் என்று கீழே கருத்து எழுதுகிறவர்களுக்கு இது புரிவதில்லை, பாவம் அந்த யூடியூபருக்கும் என்ன பேசுகிறார்கள் என்று புரிவதில்லை.

இப்போது ஒரு வீடியோவை நெருங்கிப் பார்ப்போம். வீட்டில் ரொட்டி சுடுவது எப்படி என்று ஒரு அம்மா ஆங்கிலத்தில் சொல்லித் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழைகள் எப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்று காட்ட நான் கட்டிய எடுத்துக்காட்டு இது. அவர் சொல்வது இதுதான்: மாவு இரண்டு மடங்காகும்வரை 30 நிமிடத்துக்கு ஒருமுறை மடித்துவிடுங்கள். பிசைய வேண்டாம். இப்போது மெதுவாக வடிவம் கொடுத்து உப்ப விடுங்கள். எந்திரம் அதைக் கேட்டு எழுதிய கோப்பு இப்படி இருக்கும்:

```
00:04:10.000 --> 00:04:13.000
fold it every 30 minutes until the

00:04:13.000 --> 00:04:16.000
dough has doubled do not need it now

00:04:16.000 --> 00:04:19.000
shape it gently and let it proof
```

பிசைவதைக் குறிக்கும் knead என்ற சொல்லும், தேவை என்பதைக் குறிக்கும் need என்ற சொல்லும் ஆங்கிலத்தில் அச்சு அசலாக ஒரே ஒலி. காதால் பிரிக்க முடியாது. எந்திரம் ஒலியை ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில் நறுக்கி நறுக்கிப் பார்த்து, எந்தெந்தச் சொல்லாக இருக்க வாய்ப்பு என்று கணக்குப் போடுகிறது. ஒலி சமமாக நிற்கும்போது, அது படித்துப் பழகிய கோடிக்கணக்கான வாக்கியங்களில் எது அடிக்கடி வந்திருக்கிறது என்பதே தீர்ப்பு. ‘டூ நாட்’ என்பதற்குப் பின்னால் ‘தேவை’ வந்த வாக்கியங்கள் எக்கச்சக்கம், ‘பிசை’ வந்தவை கொஞ்சம். மாவு என்ற சொல் பக்கத்திலேயே இருப்பதைக் கவனித்துச் சரியாக எழுதும் நாட்களும் உண்டு. இன்று இருக்கும் எந்திரங்கள் பழையவற்றைவிட அதை நன்றாகவே செய்கின்றன. ஆனாலும் தொழிற்சொல் ஒன்றுக்கு அன்றாடச் சொல் ஒன்று ஒலியில் இணையாக இருந்தால், அன்றாடச் சொல்லின் பக்கமே தராசு சாயும்.

இரண்டாவது பிழை முற்றுப்புள்ளி. மனிதர் பேசும்போது முற்றுப்புள்ளி கேட்காது. மூச்சு, இழுவை, குரல் இறங்குவது ஆகியவற்றிலிருந்து நாமே போட்டுக்கொள்கிறோம். யூடியூப்பின் தானியங்கு வரிகள் நெடுங்காலம் எந்தக் குறியும் இல்லாமல்தான் ஓடின. அண்மையில் சில வீடியோக்களில் குறிகள் தலைகாட்டுகின்றன, ஆனால் அவையும் எந்திரத்தின் ஊகம்தான். நம் ரொட்டிக்கார அம்மா ‘பிசைய வேண்டாம்’ என்று நிறுத்திவிட்டு, ‘இப்போது’ என்று புதிய வாக்கியத்தைத் தொடங்கினார். கோப்பில் அந்த ‘இப்போது’ முந்தைய வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு, வரியும் அங்கேயே முடிந்துவிட்டது.

இந்த மூன்று வரிகளையும் வரிக்கு வரி தமிழாக்கினால் என்ன வரும்? ‘ஒவ்வொரு 30 நிமிடங்களுக்கும் அதை மடியுங்கள் வரை’ என்பது முதல் வரி. ‘மாவு இரட்டிப்பாகிவிட்டது இப்போது அது தேவையில்லை’ என்பது இரண்டாவது. ‘அதை மெதுவாக வடிவமைத்து அதை நிரூபிக்க விடுங்கள்’ என்பது மூன்றாவது. இரண்டாவது வரியைக் கூர்ந்து பாருங்கள். அதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. படித்தால் பொருளும் வருகிறது: மாவு பெருகிவிட்டது, இனி அது வேண்டாம். எந்திரம் தவறாகக் கேட்டது, தவறாக வெட்டியது ஆகிய இரண்டையும் மொழிபெயர்ப்பு மிக நேர்மையாகத் தமிழாக்கி, சரளமான ஒரு பொய்யைக் கையில் கொடுத்துவிட்டது. முதல் வரியைப் போல ‘மடியுங்கள் வரை’ என்று உளறினால் ஆபத்தில்லை, பார்ப்பவர் உஷாராகிவிடுவார். ஒழுங்காக அமைந்த தவறான வாக்கியம்தான் ஆளைக் கவிழ்க்கும். பழைய எந்திரங்கள் உளறின. 2016-இல் கூகுள் நரம்புவலை முறைக்கு மாறத் தொடங்கிய பிறகு வந்தவை உளறுவது குறைவு, ஆகவே பிழையைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

வரிக்கு வரி மொழிபெயர்க்காமல், முழு வாக்கியத்தையும் சேர்த்து மொழிபெயர்க்கலாமே என்று கேட்கலாம். சேர்த்தால் பொருள் திருந்தும். ஆனால் உடனே நேரம் இடிக்கும். ஆங்கிலத்தில் வினை முன்னால், தமிழில் வினை கடைசியில். ‘மடித்துவிடுங்கள்’ என்று அந்த அம்மா முதல் நொடியிலேயே சொல்லிவிட்டார், கையும் மடிக்கிறது. நல்ல தமிழில் அந்த வாக்கியம் ‘மாவு இரண்டு மடங்காகும்வரை’ என்று தொடங்கும். ஆக, மடிக்கும் காட்சியின்மேல் மாவு பெருகுவதைப் பற்றிய வரியும், பெருகிய மாவைக் காட்டும்போது மடிக்கச் சொல்லும் வரியும் வரும். நகைச்சுவை வீடியோவில் இதனால் முடிச்சு முன்கூட்டியே அவிழ்ந்துவிடும். இன்னும் மோசமானது ‘வேண்டாம்’, ‘கூடாது’, ‘இல்லை’ ஆகிய சொற்களின் நிலை. தமிழில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. வரி பாதியில் வெட்டப்பட்டால், ‘சிவப்பு ஒயரைத் தொட’ என்பது ஒரு திரையிலும் ‘கூடாது’ என்பது அடுத்த திரையிலும் வரலாம். மின்வேலை, மருந்து பற்றிய வீடியோக்களைத் தானியங்கு தமிழில் பார்த்துக் கூடவே செய்துகொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு வாக்கியமும் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பது நல்லது.

கேட்கும் கட்டத்தின் தவறு எல்லாப் பேச்சாளர்களுக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. அமெரிக்காவில் ஆப்பிள், அமேசான், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி எந்திரங்களைச் சோதித்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால், வெள்ளை அமெரிக்கர்கள் பேசிய நூறு சொற்களுக்கு 19 பிழைகள். கறுப்பு அமெரிக்கர்கள் பேசிய நூறு சொற்களுக்கு 35. பேசியவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். எந்திரம் எவருடைய குரலைக் கேட்டுப் பழகியதோ அவருடைய பேச்சு அதற்குத் தெளிவாகக் கேட்கிறது. மூலத்தில் மூன்றில் ஒரு சொல் தடுமாறும் பேச்சின் மொழிபெயர்ப்பு எப்படியிருக்கும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

தமிழிலிருந்து வெளியே போகும்போது இதே கதை வேறு உடையில் நடக்கிறது. வீட்டுத் தமிழில் யாரும் எழுத்துத் தமிழ் பேசுவதில்லை. ‘அம்மா சொன்னாங்க, நான் போட்டுட்டேன்’ என்கிறோம். ‘சொன்னாங்க’ என்பது மரியாதை. அதை எழுத்தின்படி எடுத்துக்கொண்டால் பன்மை. ஆங்கிலத்தில் ‘அவர்கள் சொன்னார்கள்’ என்று போய்ச் சேர்ந்து, அம்மா ஒருவர் பலராகிவிடுகிறார். பல வாக்கியங்களில் எழுவாயே கிடையாது. ‘நேத்தே கிளம்பிட்டாரு’ என்றால் யார் என்பது முந்தைய பேச்சில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் முடியாது, ஆகவே எந்திரம் ஒரு ஆளை ஊகித்து வைக்கிறது. பெயர் சொல்லாத டாக்டரம்மா ஆணாக மாறுவது இப்படித்தான்.

கொரியன், பிரெஞ்சு போன்ற மொழிகளிலிருந்து தமிழுக்கு வரும்போது இன்னொரு இழப்பு உண்டு. கூகுளின் மொழிபெயர்ப்பு நெடுங்காலம் ஆங்கிலத்தை நடுவில் வைத்தே ஓடியது. பிரெஞ்சில் நெருங்கியவரை விளிக்க ஒரு சொல், மதிப்புக்குரியவரை விளிக்க இன்னொரு சொல், நம் ‘நீ’, ‘நீங்க’ போலவே. தமிழிலும் இரண்டும் உண்டு, ஆகவே நேராகப் பெயர்த்தால் சேதமில்லை. நடுவே ஆங்கிலம் வந்தால் இரண்டும் ‘யூ’ ஆகிவிடும். மறுபக்கம் வெளியே வரும்போது எல்லாமே ‘நீங்கள்’. தாய் மூன்று வயதுப் பிள்ளையைத் திட்டும்போதும் ‘நீங்கள் ஏன் சாப்பிடவில்லை’ என்று வரும். நேரடியாக இரு மொழிகளுக்கிடையே பெயர்க்கும் எந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் பிரெஞ்சும் தமிழும் அருகருகே எழுதப்பட்ட பாடம் மிகச் சொற்பம் என்பதால், ஆங்கிலத்தின் வாடை அவ்வளவு எளிதில் போவதில்லை.

தலைப்புக்கு வருவோம். என் கணக்கில் தலைப்புதான் பெரிய தொல்லை. சப்டைட்டில் மொழிபெயர்ப்பை நாம் கேட்டுத்தான் வாங்குகிறோம். தலைப்பு மொழிபெயர்ப்பு கேட்காமலே வருகிறது. போனின் மொழி தமிழாக இருந்தால் பட்டியலில் உள்ள சில ஆங்கிலத் தலைப்புகள் தமிழாக மாறி நிற்கலாம், மூலத் தலைப்பு பக்கத்தில் இருக்காது. தமிழ் வீடியோ என்று நினைத்துத் திறந்தால் உள்ளே வேறு மொழி. ஆங்கிலமும் தமிழும் இரண்டும் தெரிந்தவர்கள் இதில் எரிச்சலடைந்து, பழைய தலைப்பை மீட்டுக் காட்ட `YouTube No Translation` போன்ற பிரவுசர் நீட்சிகளைப் போட்டுக்கொள்கிறார்கள்.

தலைப்பில் பிழை வர இன்னொரு காரணமும் இருக்கிறது. சப்டைட்டிலில் எந்திரத்துக்கு முன்னும் பின்னும் பத்து வரியாவது இருக்கிறது. தலைப்பு என்பது நாலைந்து சொல், பெரும்பாலும் வினையே இல்லாத துண்டு, அதிலும் சிலேடை. நம் ரொட்டி வீடியோவின் தலைப்பு `The Perfect Proof` என்று வைத்துக்கொள்வோம். சுடுவதற்கு முன் மாவை உப்ப விடுவதை ஆங்கிலத்தில் ரொட்டிக்காரர்கள் ‘ப்ரூஃப்’ என்பார்கள். கணக்குக்காரருக்கும் வக்கீலுக்கும் அதே சொல் நிரூபணம், சான்று. தலைப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் ‘கச்சிதமான ஆதாரம்’ என்றே வரும். இந்தத் தலைப்பைப் பார்த்துத் திறக்கிறவர் ஏதோ குற்ற வழக்கை எதிர்பார்த்து வருவார். ரொட்டி சுட விரும்புகிறவர் திறக்கவே மாட்டார். சப்டைட்டிலில் பத்துப் பிழை இருந்தாலும் படம் கைகொடுக்கும். தலைப்பில் ஒரு பிழை போதும், வீடியோ ஆளிடம் போய்ச் சேராது. பெயர்களுக்கும் இதே கதி. ‘கைதி’ என்ற படப் பெயர் ஆங்கிலத் தலைப்பில் வெறும் ‘சிறைவாசி’ என்ற பொருளில் போய் நின்றால், அந்தப் படத்தைத் தேடி வந்த மலேசிய ரசிகர் அதைக் கடந்துபோய்விடுவார்.

முன்பு இந்த வேலையில் மனிதர்கள் கைவைக்க ஒரு வாசல் இருந்தது. பார்வையாளர்களே சப்டைட்டிலையும் தலைப்பையும் தங்கள் மொழியில் எழுதிச் சேர்க்கலாம். பயன்படுத்துகிறவர்கள் குறைவு, குப்பையும் விஷமமும் சேருகிறது என்று சொல்லி யூடியூப் அந்த வசதியை 2020 செப்டம்பரில் மூடியது. விஷமம் இருந்தது உண்மைதான். ஆனால் பல மொழிகளில் அந்தத் தன்னார்வலர்கள் எழுதிய வரிகளின் இடத்தை எந்திரம் இன்றுவரை நிரப்பவில்லை என்றே நினைக்கிறேன்.

இன்று வீடியோ போடுகிறவரிடம் மூலத்தைத் திருத்தும் வழி இருக்கிறது. அது சின்ன வழியில்லை. யூடியூப் ஸ்டுடியோவின் சப்டைட்டில் பக்கத்தில் போய் எந்திரம் எழுதிய ஆங்கிலப் பிரதியை எடுத்து, நம் எடுத்துக்காட்டில் `need` என்பதை `knead` ஆக்கி, அதன் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைத்து வெளியிட்டால், தமிழ் மட்டும் திருந்தாது. அந்தக் கோப்பிலிருந்து கிளம்பும் அத்தனை மொழிகளும் ஒரே நேரத்தில் திருந்தும். நேரக் கணக்கைப் பற்றிக் கவலைப்படாமல் பேச்சை முழுதாக எழுதி ஒட்டினாலும் போதும், வரிகளை ஒலியோடு பொருத்துவதை யூடியூப் செய்துகொள்ளும். வீடியோவின் மொழி எது, தலைப்பின் மொழி எது என்று கேட்கும் இரண்டு கட்டங்களையும் நிரப்ப வேண்டும். தமிழ்ப் பேச்சுக்கு ஆங்கிலம் என்று குறித்துவிட்டால், எந்திரம் தமிழ் ஒலிகளில் ஆங்கிலச் சொற்களைத் தேடத் தொடங்கிவிடும். தலைப்புக்கு உங்கள் கையாலேயே இரண்டு மூன்று மொழிகளில் எழுதிச் சேர்க்க அங்கேயே இடமுண்டு.

பார்ப்பவருக்கு ஒரு சோதனை இருக்கிறது. தமிழ் வரி ஏதோ இடிக்கிறது என்று பட்டால், மொழிபெயர்ப்பை அணைத்துவிட்டு மூலமொழிச் சப்டைட்டிலை வைத்து அதே பத்து நொடியை மறுபடி ஓட்டுங்கள். மூலவரியே பேச்சோடு ஒட்டாவிட்டால் தவறு காதில். மூலவரி சரியாக இருந்து தமிழ் மட்டும் கோணலாக இருந்தால் தவறு மொழிபெயர்ப்பில். மூலமொழி துளியும் தெரியாவிட்டால் எண்களையும் பெயர்களையும் மறுப்புச் சொற்களையும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘மாவு தேவையில்லை’ என்று வரி சொல்ல, திரையில் அந்த அம்மா அதே மாவை உருட்டிக்கொண்டிருந்தால், கையைத்தான் நம்ப வேண்டும்.